‘கமிஷன் ஜீரோ’ என்ற இடத்தில்தான் பணம் போனது: வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்குப் பணம் அனுப்புகிறவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளையின் மாதச் செலவுக்கு ஏஜென்ட் மூலம் பணம் அனுப்புகிறீர்களா? அப்படியென்றால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் போன பணத்தைவிட, அதற்காக என் தங்கை கேட்ட பேச்சுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் ஜெர்மனியில் டிரெஸ்டனில் முதுகலை படிக்கிறாள். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, மற்றது எல்லாம் சேர்த்து மாதம் 1,000 யூரோ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 3,000 யூரோவாகத் திருச்சியில் ஒரு ஃபாரெக்ஸ் ஏஜென்ட் மூலம் அனுப்பிவந்தோம். ரசீதுகளை அவள் போட்டோ எடுத்து அனுப்புவாள். அன்றன்றைய நெட் விலையில் அவற்றை ரூபாயாக்கி நான் கணக்கு எழுதுவேன். இங்கே வங்கியில் கழிந்ததும் அங்கே ரசீதில் வந்ததும் ஒருபோதும் ஒத்துப்போகவில்லை. 2025 ஜூலையில் அனுப்பிய தவணையில் மட்டும் பத்தாயிரம் ரூபாய்க்கு ரசீதே இல்லை.

“எங்கேம்மா செலவு பண்றே?” என்று அப்பா அவளிடமே கேட்டார். அவளும் தன் பக்கம்தான் தவறு என்று நினைத்து, கேன்டீனில் மதியம் சூடாகச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ரொட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

ஏஜென்டைக் கேட்டால் ஒரே பதில்தான்: “யூரோ ஏறிடுச்சு சார்.” அது பொய்யும் இல்லை. 2025 தொடக்கத்தில் 90 ரூபாய்க்குள் இருந்த யூரோ, ஜூலையில் 100-ஐத் தொட்டது. அதே ஆயிரம் யூரோவுக்கு மாதம் பத்தாயிரம் ரூபாய் கூடுதலாகத் தேவைப்பட்டது. அந்த ஏற்றத்துக்குள்தான் அவர் தன் லாபத்தை ஒளித்தார். விலை நாளுக்கு நாள் மாறும்போது, சந்தை எவ்வளவு ஏறியது, ஏஜென்ட் எவ்வளவு ஏற்றினார் என்று ரூபாய்க் கணக்கை மட்டும் பார்த்தால் பிரித்தறியவே முடியாது.

அந்த ஜூலை பில்லைப் பாருங்கள். அன்று சந்தை விலை ஏறக்குறைய 100 ரூபாய். ஏஜென்ட் போட்ட விலை 102.90. 3,000 யூரோவுக்கு 3,08,700 ரூபாய். அதன் கீழே கமிஷன் 0 என்று தடித்த எழுத்தில் இருந்தது. ஜிஎஸ்டி 368. அது நாணய மாற்றத்துக்கு அரசு வாங்கும் வரி, அதில் குறை இல்லை. அப்புறம் ‘முழுத்தொகை சேரும் கட்டணம்’ என்று 1,200. மொத்தம் 3,10,268 ரூபாய் கட்டினோம். தங்கையின் கணக்கில் விழுந்தது 2,982 யூரோ.

கட்டிய ரூபாயை வந்து சேர்ந்த யூரோவால் வகுத்துப் பாருங்கள். ஒரு யூரோ 104.05 ரூபாய். உண்மையான விலை அதுதான். பில்லில் இருக்கும் 102.90-ம் இல்லை, செல்போனில் தெரியும் 100-ம் இல்லை. அதே நாளில் எங்கள் வங்கியில் கேட்டபோது எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து யூரோ 101.61-க்கு வந்தது, 3,000 யூரோவும் குறையாமல் சேரும் என்றார்கள். கமிஷன் வாங்காதவரிடம் ஐயாயிரத்து நானூறு ரூபாய் கூடுதலாகக் கட்டியிருக்கிறோம். அந்த 18 யூரோ குறைந்தது தனி.

அந்த 18 யூரோ எங்கே போனது என்று தேடியதில்தான் முழு விஷயமும் தெரிந்தது. வெளிநாட்டுக்குப் பணம் போகும்போது நடுவில் ஒரு வங்கி கைமாற்றிவிடும், அதற்கு அது கட்டணம் எடுக்கும். அந்தக் கட்டணத்தை யார் ஏற்பது என்பதை அனுப்பும்போதே குறிக்க வேண்டும். `OUR` என்றால் அனுப்புகிறவர் முன்கூட்டியே கட்டிவிடுகிறார், போய்ச் சேரும் தொகை குறையாது. `SHA` என்றால் நடுவங்கி, வரும் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். எங்களிடம் 1,200 வாங்கியது `OUR` பெயரில். பணம் அனுப்பும்போது வங்கிகளுக்குள் போகும் செய்தியின் நகலை, அதாவது ஸ்விஃப்ட் நகலைக் கொடுங்கள் என்று கேட்டேன். “அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்?” என்று இழுத்தடித்தார்கள். விடாமல் கேட்டு வாங்கிப் பார்த்தால் இப்படி இருந்தது:

```
:71A:SHA
```

காசு வாங்கியது ஒன்றுக்கு, செய்தது இன்னொன்று. அந்த நகலைப் பணம் அனுப்பும் ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். புதிய வடிவ நகலாக இருந்தால் `OUR` இருக்க வேண்டிய இடத்தில் `DEBT` என்று இருக்கும், `SHA` இடத்தில் `SHAR` இருக்கும்.

இரண்டு நாணயமும் அச்சாகியிருக்கும் கடை ரசீது இன்னொரு ஓட்டை. போன புதிதில் தங்கை இங்கத்திய டெபிட் கார்டில் ஒரு மெத்தை வாங்கினாள். விலை 240 யூரோ. கார்டு மெஷினில் யூரோவா ரூபாயா என்று கேள்வி வந்ததும், அவளைக் கேட்காமலே கடைக்காரர் ரூபாயை அமுக்கிவிட்டார். ரசீதில் யூரோ தொகைக்குக் கீழே ரூபாய்த் தொகையும் மாற்று விலையும் இருந்தன. அந்த விலை அன்றைய சந்தை விலையைவிட ஐந்து சதவீதத்துக்கும் மேல். ரூபாயில் எடுத்தாலும் அது வெளிநாட்டுப் பரிவர்த்தனைதான் என்று சொல்லி நம் ஊர் வங்கிகள் சில அதற்கும் தனிக் கட்டணம் போடுகின்றன. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். எப்போதும் யூரோவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைக்காரர் மாற்றி அமுக்கிவிட்டால், அங்கேயே நின்று ரத்து செய்து மறுபடி யூரோவில் போடச் சொல்லலாம். வெளியே வந்துவிட்டால் ரொம்பக் கஷ்டம்.

இதற்குப் பிறகு கணக்கு எழுதும் முறையையே மாற்றினேன். தங்கையின் செலவுக் கணக்கு முழுக்க யூரோவில்தான். வாடகை, காப்பீடு, மாதம் 18.36 யூரோ ஒளிபரப்புக் கட்டணத்தில் அவள் பங்கு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் செமஸ்டர் கட்டணத்தில் ஆறில் ஒரு பங்கு என்று எதையும் ரூபாயாக்குவதில்லை. ரூபாய் வருவது ஒரே இடத்தில்தான். ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி: கழிந்த மொத்த ரூபாய், சேர்ந்த யூரோ, வகுத்து வந்த விலை. அந்த யூரோ தீரும்வரை அதே விலைதான், நெட்டில் தினமும் என்ன காட்டினாலும் சரி. அடுத்த தவணைக்கு அந்த விலையோடு ஐந்து சதவீதம் சேர்த்து ரூபாயை ஒதுக்குகிறோம். இப்போது அவள் பக்கம் செலவு கூடினால் யூரோ கணக்கில் தெரிகிறது. விலை கூடினால் தவணை வரியில் தெரிகிறது. ஒன்றுக்காக இன்னொருவரைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

ஏஜென்ட் நியாயமாகத்தான் போடுகிறாரா என்று பார்க்க, வேலை நாட்களில் மதியம் எஃப்பிஐஎல் அமைப்பு `fbil.org.in` தளத்தில் வெளியிடும் யூரோ விலையைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த விலைக்கே யாரும் தரமாட்டார்கள். ஆனால் எல்லாக் கட்டணமும் சேர்த்து இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால், பெரிய தொகைக்கு வேறு இடம் கேட்கலாம் என்பது என் கருத்து. பணம் கட்டுவதற்கு முன்பே, எத்தனை ரூபாய் கட்ட வேண்டும், எத்தனை யூரோ சேரும் என்ற இரண்டு எண்களையும் வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். எழுதித்தர மறுக்கிறவரிடம் கொடுக்காதீர்கள்.

எங்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். ஸ்விஃப்ட் நகலையும் பில்லையும் இணைத்து எழுத்தில் புகார் கொடுத்தோம். 1,200 ரூபாயும் 18 யூரோவும் திரும்பி வந்தன. 102.90 என்ற விலை எழுதிய படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்ததால், அந்த வித்தியாசத்தில் ஒரு பைசாகூடத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.