அம்மாவின் டாப்-அப்பைத் தின்ற காலர் டியூன்

அம்மா ப்ரீபெய்ட். அன்லிமிடெட் பேக் போட்டிருப்பதால் மெயின் பேலன்ஸ் எப்போதும் பூஜ்யம்தான், அதை நாங்கள் பார்ப்பதே இல்லை. போன மாதம் சிங்கப்பூரில் இருக்கும் சித்தியிடம் பேசவேண்டும் என்று 100 ரூபாய்க்கு டாப்-அப் போட்டேன், 81.75 ஏறியது. ஐந்தாம் நாள் அம்மா சித்திக்குப் போன் செய்தால் பாதியிலேயே கட். பேச ஆரம்பிக்கும் முன்பே 33.75தான் இருந்திருக்கிறது. வெளிநாட்டு அழைப்பு ஒன்றுகூட அதற்கு முன் போகவில்லை.

அப்புறம்தான் தெரிந்தது, காலர் டியூனுக்கு 36 ரூபாய், நியூஸ் அலர்ட்டுக்கு தினம் 3 ரூபாய் என்று நான்கு நாளில் 12. பேலன்ஸ் இல்லாத வரை சத்தம் போடாமல் இருந்துவிட்டு, காசு விழுந்ததும் பிடித்திருக்கிறது.

அம்மாவிடம் கேட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்தபோது முருகன் பாட்டு ஒலித்ததாம், "இந்தப் பாட்டு வேண்டுமென்றால் ஸ்டார் அமுக்கவும்" என்று குரல் சொன்னதாம், அமுக்கிவிட்டார். பின்னாலேயே ஆங்கிலத்தில் வந்த மெசேஜுக்கும் 1 என்று பதில். நியூஸ் அலர்ட் பற்றி அவருக்கு எதுவுமே தெரியாது. திரையில் திடீரென்று ஒரு பெட்டி வந்து ஓகே கேட்குமே, அதில் விரல் பட்டிருக்கும் என்பது என் ஊகம்.

எது எது ஓடுகிறது என்று பார்க்க, அந்த சிம்மிலிருந்தே 155223 என்ற எண்ணுக்கு இந்த மெசேஜ் அனுப்புங்கள்:

```
STOP
```

கட்டணம் இல்லை, எல்லா கம்பெனிக்கும் இதே எண்தான். எங்களுக்கு இரண்டு சேவையும் வரிசை எண்ணோடு வந்தன, நிறுத்தவேண்டியதன் எண்ணைத் திருப்பி அனுப்பினோம். (1909 விளம்பர அழைப்புகளை நிறுத்தத்தான், இதற்கு உதவாது. நானும் முதலில் அங்கேதான் போனேன்.)

காசைத் திருப்பிக் கேட்டதுதான் பெரிய கூத்து. கஸ்டமர் கேரில், ஆக்டிவேட் ஆன 24 மணி நேரத்துக்குள் சொல்லியிருந்தால்தான் ரீஃபண்ட் என்று வைத்துவிட்டார்கள். 198-ல் புகார் பதிந்தால், மறுநாளே "தீர்க்கப்பட்டது" என்று மெசேஜ். சரி என்று மேல்முறையீட்டில் ஒன்றே ஒன்று கேட்டேன்: 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட உத்தரவுப்படி இப்படிப்பட்ட சேவைக்கு வாடிக்கையாளர் இரண்டு தடவை சம்மதம் சொல்லியிருக்கவேண்டும், அந்த இரண்டும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வந்தன என்று காட்டுங்கள்.

பாட்டுக்கு இரண்டையும் காட்டினார்கள். ஸ்டார் ஒன்று, அந்த 1 இன்னொன்று, அதில் வாதாட வழியில்லை. நியூஸ் அலர்ட்டுக்கு ஒன்றுதான் இருந்தது. அந்த 12 ரூபாய் பத்து நாள் கழித்துத் திரும்பி வந்தது.

ஆண்ட்ராய்டில் சிம் டூல்கிட் என்று ஓர் ஆப் இருக்கும், அந்த ஓகே பெட்டிகளை அதற்குள் போய் அணைத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் மெசேஜ் அனுப்பிப் பார்த்தார். அவருக்கு நான்கு ஓடிக்கொண்டிருந்தன, அதில் ஒன்று கிரிக்கெட் ஸ்கோர்.