ரேடியோகிராபர்கள் கவனத்துக்கு: டேட்டாஃப்ளோ ஃபைலை ஏஜென்ட் கையில் விட்டால் என்ன ஆகிறது

துபாய் லைசென்ஸ் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி ஒரு ஏஜென்ட் ஒரு ரேடியோகிராபரின் ஃபைலை எப்படிக் கெடுத்தார் என்பதை இங்கே எழுதுகிறோம். ஏமாந்தவர் பெயரோ ஏஜென்ட் பெயரோ வேண்டாம். நடந்த விதம் தெரிந்தால் போதும், ஏனென்றால் இதே விதம் வேறு பலருக்கும் நடக்கக்கூடியது.

அவர் ரேடியாலஜி பட்டம் படித்தவர். 2021 நவம்பர் முதல் 2023 பிப்ரவரி வரை ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுத்தார். அது 16 மாதம். 2023 மார்ச் முதல் 2024 ஜனவரி வரை ஒரு மருத்துவமனையில் 11 மாதம். இரண்டும் சேர்ந்தால் 27 மாதம். அவர் பார்த்த வேலை விளம்பரம் கேட்டது 2 வருட அனுபவம். அதாவது உண்மையான கடிதங்களே போதுமானவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஏஜென்ட் "எல்லாம் சேர்த்து ஒரே தொகை, நீங்கள் எதையும் தொட வேண்டாம்" என்றார். பாஸ்போர்ட், சான்றிதழ்கள், மார்க் ஷீட், இரண்டு அனுபவக் கடிதங்கள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொண்டார். புதிதாக ஒரு ஜிமெயில் தொடங்கி, துபாய் சுகாதார ஆணையத்தின் ஷெர்யான் தளத்திலும், சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நிறுவனமான டேட்டாஃப்ளோவிலும் அந்த மெயிலை வைத்தே கணக்கு திறந்தார். பாஸ்வேர்டு ஏஜென்டிடமே இருந்தது. கூடவே ஒரு பக்கத்தை அனுப்பி, "கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்புங்க, ஃபார்மாலிட்டி" என்றார். அந்தப் பக்கம்தான் ஆதரைசேஷன் லெட்டர். நான் கொடுக்கும் ஆவணங்கள் உண்மையானவை, அவற்றைக் கொடுத்த இடத்திலேயே நீங்கள் விசாரித்துக்கொள்ளலாம் என்று விண்ணப்பதாரர் எழுதித்தரும் கடிதம் அது. ஏஜென்ட் பெயர் அதில் எங்கும் வராது. பிறகு எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்து போட்டவர்தான்.

ஸ்கேன் சென்டர் கடிதத்தில் வேலைக்குச் சேர்ந்த தேதி இல்லை, வருடம் மட்டும் இருந்தது. கையெழுத்து போட்டவரின் பெயரும் இல்லை. முத்திரை மட்டும் இருந்தது. அதைத் திருத்தி வாங்கிவர அரை நாள் ஆகும். ஆனால் டேட்டாஃப்ளோவில் கூடுதல் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. ஒரே தொகை வாங்கிய ஏஜென்டுக்கு ஆவணம் குறைந்தால் லாபம். அதனால் அவர் ஸ்கேன் சென்டர் கடிதத்தையே விட்டுவிட்டு, மருத்துவமனைக் கடிதத்தின் ஸ்கேனில் சேர்ந்த தேதியை 2021 நவம்பர் என்று மாற்றினார். 11 மாதம் 27 மாதமானது. எக்ஸ்ரே டெக்னீஷியன் என்றிருந்த பதவியையும் சி.டி. டெக்னாலஜிஸ்ட் என்று மாற்றினார். விண்ணப்பதாரருக்கு எதையும் காட்டவில்லை.

டேட்டாஃப்ளோ செய்வது பிரைமரி சோர்ஸ் வெரிஃபிகேஷன். நீங்கள் கொடுத்த காகிதம் நேர்த்தியாக இருக்கிறதா என்பது அவர்களுடைய கேள்வி அல்ல. பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவமனை எச்.ஆர். பிரிவுக்கும் நேரடியாக எழுதி, "இந்தப் பெயரில், இந்தப் பதவியில், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை உங்களிடம் இருந்தாரா, இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததுதானா" என்று கேட்பார்கள். எச்.ஆர். தன் பதிவேட்டைப் பார்த்து பதில் எழுதும். இந்த வழக்கில் எச்.ஆர். எழுதிய பதில் மிகச் சுருக்கம்: சேர்ந்த தேதி 2023 மார்ச், பதவி எக்ஸ்ரே டெக்னீஷியன், இணைத்திருக்கும் கடிதம் எங்களுடைய நகலோடு ஒத்துப்போகவில்லை. முடிவு நெகட்டிவ்.

இதற்குள் விண்ணப்பதாரர் லைசென்ஸுக்கான பிராமெட்ரிக் கணினித் தேர்வு எழுதி பாஸாகியிருந்தார். தேர்வும் வெரிஃபிகேஷனும் ஒரே நேரத்தில் ஓடலாம் என்பதால், ஒன்று முடிந்தது மற்றொன்றைப் பற்றி எதுவும் சொல்லாது. ஏஜென்ட் "லைசென்ஸ் ரெடி, டேட்டாஃப்ளோ மட்டும் பெண்டிங்" என்று சொல்லி, ஃபாலோ-அப் கட்டணம் என்று மறுபடியும் பணம் வாங்கினார். ரிப்போர்ட் கேட்டபோதெல்லாம் கேஸ் நம்பர் இருக்கும் மேல்பகுதியை வெட்டிய ஸ்கிரீன்ஷாட்தான் வந்தது.

இங்கே "லைசென்ஸ் ரெடி" என்ற பேச்சே பொய். துபாயில் தேர்வும் வெரிஃபிகேஷனும் சரியாக முடிந்தால் விண்ணப்பதாரர் கைக்கு வருவது எலிஜிபிலிட்டி லெட்டர். அதற்கு ஒரு வருடம் செல்லுபடி. அங்குள்ள மருத்துவமனை ஒன்று உங்களை வேலைக்கு எடுத்து, தன் கணக்கிலிருந்து உங்கள் பெயரில் ஆக்டிவேட் செய்தால்தான் லைசென்ஸ். வேலை கொடுக்கும் இடம் இல்லாமல் தனி ஆளுக்கு லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவருக்கு நடைமுறை தெரியவில்லை, இல்லையென்றால் தெரிந்தே ஏமாற்றுகிறார். ஆக்டிவேட் ஆன லைசென்ஸ் ஆணையத்தின் பொதுப் பதிவேட்டில் பெயர் போட்டுத் தேடினால் வரும். பி.டி.எஃப். அனுப்பினால் அதை நம்பாமல் அங்கே தேடிப் பாருங்கள்.

உண்மை தெரிந்தது கேஸ் நம்பரால்தான். கட்டண ரசீது ஒன்றை ஏஜென்ட் வெட்டாமல் அனுப்பிவிட்டார், அதில் நம்பர் இருந்தது. டேட்டாஃப்ளோ தளத்தில் கேஸ் நம்பரையும் பாஸ்போர்ட் நம்பரையும் போட்டால் நிலவரம் தெரியும், பாஸ்வேர்டு தேவையில்லை. பார்த்தபோது கேஸ் எப்போதோ முடிந்திருந்தது.

அப்போதும் ஏஜென்ட் விடவில்லை. "பாஸ்போர்ட்டை மாற்றிவிட்டு சவுதிக்குப் போடலாம்" என்றார். இது முதல் தவறைவிடப் பெரியது. சவுதி, கத்தார், பஹ்ரைன் என்று வளைகுடாவின் பல ஆணையங்களும் இதே டேட்டாஃப்ளோவைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு நாட்டுக்கு எடுத்த ரிப்போர்ட்டை இன்னொரு நாட்டுக்கு மாற்றும் வசதியே அங்கு உண்டு. பெயர், பிறந்த தேதி, பட்டத்தின் பதிவு எண் எதுவும் பாஸ்போர்ட்டோடு மாறுவதில்லை. முன்பு விண்ணப்பித்ததை மறைத்தது இரண்டாவது பொய்யாகச் சேரும்.

விண்ணப்பதாரர் மருத்துவமனையிடமிருந்து சரியான கடிதம் வாங்கி அப்பீல் செய்தார். பலனில்லை. அப்பீலில் பார்ப்பது முதலில் கொடுத்த ஆவணம் உண்மையா என்பதைத்தான். எச்.ஆர். தவறான பதிவேட்டைப் பார்த்துவிட்டது, பெயர் எழுத்து மாறிவிட்டது என்பதுபோன்ற காரணம் இருந்தால், கொடுத்த இடமே அதை எழுதித் தந்தால், முடிவு மாற வாய்ப்புண்டு. போலியாக மாற்றிய கடிதத்துக்கு அந்த வழி கிடையாது. சரியான கடிதம் பின்னால் வந்தது, முதல் கடிதம் போலி என்பதைத்தான் இன்னும் உறுதியாக்கியது. 27 மாதம் நேர்மையாக வேலை பார்த்த ஒருவரின் பெயருக்கு எதிரே இப்படி ஒரு குறிப்பு நிற்பதைப் பார்க்கும்போது ஆத்திரம் வருகிறது.

இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. கணக்கு உங்கள் சொந்த மெயிலில், உங்கள் மொபைல் நம்பரில் இருக்கட்டும். கட்டணத்தை உங்கள் கார்டில் கட்டுங்கள், ரசீது உங்களுக்கே வரும். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும், அப்லோடு செய்வது உங்கள் கையாக இருக்கட்டும். சப்மிட் செய்யும் முன் ஏற்றிய ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, கையிலுள்ள ஒரிஜினலோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

அனுபவக் கடிதம் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப்பெயர், பதவி, பிரிவு, சேர்ந்த நாளும் விலகிய நாளும் தேதி, மாதம், வருடத்தோடு, முழுநேரமா பகுதிநேரமா என்பது, கையெழுத்து போட்டவரின் பெயர், பதவி, தொடர்பு விவரம், முத்திரை இவ்வளவும் வேண்டும். வாங்கும்போதே எச்.ஆரிடம் "என்னைப் பற்றி வெரிஃபிகேஷன் மெயில் வரும்" என்று சொல்லிவையுங்கள், அது எந்த மெயில் ஐ.டி.க்கு வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் முடிவு 'அனேபிள் டு வெரிஃபை' என்று வரும். அது நெகட்டிவ் அல்ல, ஆனாலும் ஃபைல் நகராது. வேலை பார்த்த சென்டர் மூடப்பட்டுவிட்டால் நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவற்றைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே டேட்டாஃப்ளோவிடம் கேளுங்கள்.

நம் ஆட்களுக்கு அடிக்கடி இடிப்பது இனிஷியல். பட்டச் சான்றிதழில் பெயரும் ஒற்றை எழுத்தும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, அனுபவக் கடிதத்தில் இனிஷியலே இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். எச்.ஆரிடம் கேட்டு அனுபவக் கடிதத்தைப் பாஸ்போர்ட் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்டத்தை மாற்ற முடியாது, அதற்கு இரண்டும் ஒரே ஆள்தான் என்று அஃபிடவிட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேல் தொழில் சார்ந்த புகார் எதுவும் இல்லை என்று சொல்லும் குட் ஸ்டாண்டிங் சான்றிதழை முதலிலேயே வாங்கிவிடாதீர்கள். துபாய்க்கு அது 6 மாதத்துக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும், மற்றவை தயாரான பிறகு கேட்பதே நல்லது.

பிரிட்டன் என்று சொல்லி அழைப்பவர்களும் உண்டு. அங்கே சுகாதாரப் பணியாளர்களைப் பதிவு செய்யும் அமைப்பான எச்.சி.பி.சி.யில் பதிவு இல்லாமல் ரேடியோகிராபர் என்று பெயர் போட்டுக்கொள்வதே சட்டப்படி குற்றம். பாடத்திட்ட விவரப் படிவத்தை நீங்கள் படித்த கல்லூரிதான் நிரப்பித் தர வேண்டும். ஆங்கிலத்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் மொத்தம் 7.0, எந்தப் பகுதியும் 6.5-க்குக் கீழே போகக்கூடாது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வாங்கும் கட்டணம் திரும்ப வராது. பதிவு எண் ஆர்.ஏ. என்று தொடங்கும், எச்.சி.பி.சி. தளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஸ்கேன் டிபார்ட்மென்டில் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆளெடுத்து, "போய்ச் சேர்ந்ததும் ரேடியோகிராபர் ஆகிவிடலாம்" என்று சொன்னால் நம்பாதீர்கள். உதவியாளராக எத்தனை வருடம் இருந்தாலும் அதுவே பதிவாக மாறாது.

ஏற்கெனவே ஃபைலை ஏஜென்டிடம் கொடுத்துவிட்டவர்கள், அவரிடம் கேஸ் நம்பர் இன்றே கேளுங்கள். தந்தால் தளத்தில் போட்டுப் பாருங்கள். தரவில்லையென்றால் பாஸ்போர்ட் நகலோடு டேட்டாஃப்ளோ வாடிக்கையாளர் சேவைக்கு உங்கள் சொந்த மெயிலிலிருந்து எழுதி, உங்கள் பெயரில் என்ன கேஸ் இருக்கிறது என்று கேளுங்கள், கணக்கை உங்கள் மெயிலுக்கு மாற்றச் சொல்லுங்கள். என்னென்ன ஆவணம் ஏற்றப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு வாங்குங்கள். கேஸ் முடிவதற்குள் தவறான கடிதம் கண்ணில் பட்டால், நீங்களாகவே எழுதிச் சொல்லிவிடுங்கள்.