பெங்களூரு நண்பர்களே, லோகோ லூப் செய்து தருகிறேன் என்று வருபவரிடம் கவனம்

அல்சூரில் எங்கள் காபித்தூள் கடைக்கு, டபரா டம்ளர் மேலே ஆவி பறக்கிற மாதிரி ஒரு லோகோ. அதை அசைய வைத்து, கடை டிவியில் ஓடவும் டெலிகிராமில் ஸ்டிக்கராக அனுப்பவும், முடிந்ததும் முதலிலிருந்து தானே ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு லூப் வேண்டும் என்று கோரமங்களா பக்கம் ஒருவரிடம் கொடுத்தோம். பேசியது எட்டாயிரம், பாதி முன்பணம். "எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு யாராலும் கண்டுபிடிக்க முடியாது சார்" என்றார்.

வந்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. டிவியில் விட்டதும்தான் கூத்து. ஆவி மேலே போகிறது, ஒன்றரை நொடியில் அப்படியே திரும்பி டம்ளருக்குள் இறங்குகிறது. பாதியை மட்டும் செய்து, அதையே பின்னோக்கி ஓட்டி ஒட்டியிருக்கிறார். இப்படிச் செய்தால் இரண்டு முனையும் தானாகப் பொருந்திவிடும், மெனக்கெட வேண்டாம். ஊஞ்சலுக்குச் சரி, தலையாட்டி பொம்மைக்குச் சரி. எந்த ஊரில் ஐயா ஆவி கீழே இறங்குகிறது?

சண்டை போட்டதும் இரண்டாவது ஃபைல் வந்தது. ஆவி மேலேதான் போனது, ஆனால் மூன்று நொடிக்கு ஒருமுறை ஒரு விக்கல். "உங்க டிவி ஸ்லோ சார்" என்றார். அனிமேஷன் வேலையில் இருக்கும் என் சித்தி பையன் அதை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திக் காட்டினான். நொடிக்கு 30 வீதம் மூன்று நொடிக்கு 90 ஃப்ரேம், அதாவது 0 முதல் 89 வரை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அனிமேஷன் மென்பொருளில், அசைவு எங்கே முடிகிறது என்று குறிக்கும் கடைசி கீ 90-ல் இருக்கும், அது 0-ன் அச்சு அசல் நகல் என்பதால் 89-ஓடு நிறுத்தித்தான் ரெண்டர் செய்ய வேண்டும். இவர் 90-ஐயும் சேர்த்துவிட்டதால் ஒரே படம் இரண்டு தடவை வருகிறது. போதாததற்கு இரண்டு முனையிலும் அசைவை மெதுவாக்கும் ஈஸி ஈஸ் வேறு போட்டிருப்பார் போல, ஒவ்வொரு சுற்றிலும் ஆவி வேகம் குறைந்து, நின்று, மறுபடி கிளம்புகிறது.

ஸ்டிக்கர் கதை இன்னும் மோசம். டெலிகிராம் வீடியோ ஸ்டிக்கருக்கு VP9-ல் செய்த WEBM வேண்டும், மூன்று நொடிக்குள், 256 KB-க்குள். இவர் கொடுத்தது வெள்ளைப் பின்னணியோடு ஒரு MP4, அதுவும் அந்த ஒரு ஃப்ரேமால் மூன்று நொடியைத் தாண்டியது. சரி, ப்ராஜெக்ட் ஃபைலைக் கொடுங்கள், நாங்களே திருத்திக்கொள்கிறோம் என்றால் அதற்குத் தனியாக மூவாயிரம் கேட்டார். அப்புறம் போனே எடுக்கவில்லை.

இங்குள்ள தமிழ் வாட்ஸப் குழுக்களில் அவர் இன்னும் வேலை பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார். யாரிடம் கொடுத்தாலும் ப்ராஜெக்ட் ஃபைலும் சேர்த்துத்தான் விலை என்று முன்பணத்துக்கு முன்பே மெசேஜில் எழுதி வாங்குங்கள். ஃபைல் வந்ததும் நாலு நகலை அடுத்தடுத்து ஒட்டி ஒரே வீடியோவாக ஓட்டிப் பாருங்கள். சில பிளேயர்கள் லூப் செய்யும் இடத்தில் தாமே தடுமாறும், ஒட்டிப் பார்த்தால் டிவி மேல் பழி போட முடியாது.