ஊருக்குப் போனதும் முதலில் வேண்டியது வைஃபை: இரண்டு கியூஆர் கோடுகளும் ஓர் அரைப்புள்ளியும்

இந்த முறை மூன்று வாரம் ஊரில் இருந்தேன். என் சிம்முக்கு ரோமிங் கிடையாது, அதனால் போன வீடுகளிலும் தங்கிய இடங்களிலும் முதலில் கேட்டது வைஃபையைத்தான். முன்பெல்லாம் ஒருவர் ரவுட்டரைத் தலைகீழாகத் திருப்பி எழுத்து எழுத்தாகப் படிப்பார், நான் தட்டுவேன், பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று ஒரு விவாதம் நடக்கும். இப்போது நிறைய இடங்களில் சுவரில் ஒரு கியூஆர் கோடு ஒட்டி வைத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் நான் பார்த்ததில் இரண்டு கோடுகள் வேலை செய்யவில்லை. ஏன் என்று உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவது ஒரு தங்கும் விடுதியில். மேசை மேல் அழகான அட்டை, நடுவில் கோடு. கேமராவைக் காட்டினால் வைஃபையில் சேரவா என்று கேட்காமல் ஓர் இணைய முகவரியைத் திறக்கப் பார்த்தது. டேட்டா இல்லாத போனில் அது எப்படித் திறக்கும்? வைஃபை கிடைக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். கடைசியில் வரவேற்பு மேசையில் இருந்தவர் பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்.

கோடு தயாரித்துத் தரும் இணையதளங்கள் சிலவற்றில் இந்தத் தொல்லை உண்டு. வைஃபை விவரத்தைக் கோட்டுக்குள் வைக்காமல், தங்கள் தளத்துக்குப் போகும் முகவரியை வைத்துவிடுகின்றன. பாஸ்வேர்டு அவர்கள் கையில் இருக்கும்; அந்தத் தளம் நின்றால் அட்டையும் அதோடு சரி. உண்மையான வைஃபை கோட்டுக்கு இணையமே தேவையில்லை. அதற்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்து. போன் அதைப் படித்து, பெயரையும் பாஸ்வேர்டையும் எடுத்து, தானே இணைத்துக்கொள்கிறது. உங்கள் கோடு எந்த வகை என்று அறிய, டேட்டாவையும் வைஃபையையும் அணைத்துவிட்டு ஸ்கேன் செய்து பாருங்கள். நெட்வொர்க்கில் சேரலாமா என்று போன் கேட்டால் சரியான வகை. இணைய முகவரியைக் காட்டினால் கிழித்துப் போட்டுவிட்டு வேறு போடுங்கள்.

இரண்டாவது அக்கா வீட்டில். இதுதான் என்னை அதிக நேரம் உட்கார வைத்தது. அக்கா மகன் கணினியில் தானே செய்து, அச்செடுத்து, வாசல் அறையில் ஒட்டியிருந்தான். "ஸ்கேன் பண்ணுங்க மாமா, உடனே வந்துரும்" என்றான். ஸ்கேன் செய்தேன். பெயர் சரியாக வந்தது, சேரவா என்று கேட்டது, சேர் என்றேன். பாஸ்வேர்டு தவறு என்று சொல்லிவிட்டது. மறுபடியும் அதேதான். "எங்க எல்லாருக்கும் வேலை செய்யுதே" என்றாள் அக்கா. அங்கேதான் விஷயம். வீட்டில் இருப்பவர்களின் போன்களில் பாஸ்வேர்டு முன்பே சேமித்திருந்தது. ஸ்கேன் செய்யாமலே அவை இணைந்திருந்தன. அந்தக் கோட்டை முதன்முதலில் நம்பிய புதுப் போன் என்னுடையது.

அப்புறம் அக்காவின் போனை வாங்கினேன். ஆண்ட்ராய்டு 10 முதல் அதிலேயே ஒரு வழி இருக்கிறது: செட்டிங்ஸில் வைஃபைக்குப் போய், இணைந்திருக்கும் பெயரைத் தொட்டு, `Share` என்பதை அழுத்தினால், கைரேகையோ பின்னோ கேட்டுவிட்டுக் கோட்டைத் திரையில் காட்டும். அதை என் போனால் ஸ்கேன் செய்தேன். உடனே இணைந்தது. ஆக, ரவுட்டரில் கோளாறு இல்லை, என் போனிலும் இல்லை. தாளில்தான் இருக்கிறது.

கோட்டுக்குள் இருக்கும் எழுத்தை அப்படியே காட்டும் ஸ்கேனர் செயலியால் சுவரில் இருந்ததைப் படித்தேன். (நிஜப் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றி எழுதுகிறேன்.)

```
WIFI:T:WPA;S:ANBU_HOME;P:kaalaimazhai;7;;
```

`T` பாதுகாப்பு வகை, `S` நெட்வொர்க்கின் பெயர், `P` பாஸ்வேர்டு. ஒவ்வொன்றும் முடிந்ததைச் சொல்வது அரைப்புள்ளி. பாஸ்வேர்டிலேயே ஓர் அரைப்புள்ளி இருந்தால்? போனுக்கு அது பாஸ்வேர்டின் எழுத்து என்று தெரியாது. `kaalaimazhai` என்பதோடு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த `7` ஐ விட்டுவிடுகிறது. ரவுட்டர் அதை மறுக்கத்தானே செய்யும். அக்காவின் போன் தயாரித்த கோட்டைப் படித்தபோது அந்த இடம் வேறு மாதிரி இருந்தது:

```
P:kaalaimazhai\;7;
```

அரைப்புள்ளிக்கு முன்னால் ஒரு பின்சாய்வுக்கோடு. அடுத்து வருவது முடிவுக் குறி இல்லை, எழுத்துதான் என்று போனுக்குச் சொல்வது அது. காற்புள்ளி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள், பின்சாய்வுக்கோடு ஆகியவை பெயரிலோ பாஸ்வேர்டிலோ வந்தாலும் இதே முறைதான். வரியைக் கையால் எழுதினால் நாம்தான் போட வேண்டும். போனின் `Share` தானே போட்டுக்கொள்கிறது. ஆகவே இதுபோன்ற குறிகள் பாஸ்வேர்டில் இருந்தால் போனையே தயாரிக்க விடுவது நல்லது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஐஓஎஸ் 18 உடன் வந்த பாஸ்வேர்டுகள் செயலியில் இந்த வசதி உண்டு. ஐபோனில் ஸ்கேன் செய்வதற்கு ஐஓஎஸ் 11 முதலே கேமரா போதும்.

இன்னொரு வகைக் கோளாறையும் பிரித்தறியலாம். பாஸ்வேர்டு தவறு என்று வந்தால் `P` பகுதியைப் பாருங்கள். நெட்வொர்க்கே கிடைக்கவில்லை என்று வந்தால் `S` பகுதியைப் பாருங்கள்: பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கும், அல்லது பெயரின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி ஒட்டியிருக்கும்.

தாளைச் சரி செய்து ஒட்டும் முன் அக்கா மகனிடம் ஒன்று சொன்னேன், அது எனக்கு முக்கியமாகப் பட்டது. இந்தக் கோடு பாஸ்வேர்டை மறைப்பதில்லை. எல்லா எழுத்தும் அப்படியே உள்ளே இருக்கிறது. நான் படித்த மாதிரி யாரும் படிக்கலாம். வாசல் அறைத் தாளை வெளியில் நின்று படம் எடுத்தாலும் போதும், படத்திலிருந்தும் போன் படித்துவிடும். பார்ப்பவர் எல்லாருக்கும் பாஸ்வேர்டை எழுதி மாட்டியதற்கும் இதற்கும் வித்தியாசம் கிடையாது.

அதனால் ரவுட்டரின் செட்டிங்ஸில் விருந்தினர் நெட்வொர்க் ஒன்றைத் திறந்தோம். தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு, அதில் எழுத்துகளும் எண்களும் மட்டும். சுவருக்கு அந்தக் கோடு. அவர்கள் ரவுட்டரில் விருந்தினர் பக்கம் சேர்பவருக்கு இணையம் கிடைக்கும், ஆனால் வீட்டின் பிரிண்டரும் டிவியும் தெரியாது. என் போனிலிருந்த படங்களை அன்றிரவு டிவியில் காட்டப் பார்த்தபோது டிவி பட்டியலில் வரவில்லை, காரணம் அதுதான். அந்த ஒரு வேலைக்கு மட்டும் அக்காவின் போன் காட்டிய கோட்டை வைத்து வீட்டு நெட்வொர்க்குக்கு மாறிக்கொண்டேன்.

புதுத் தாளை அச்செடுக்கும்போது கோட்டைச் சுற்றி வெள்ளை ஓரம் விட்டோம். முன்பு அவன் அழகுக்காகப் போட்டிருந்த வண்ணச் சட்டம் கோட்டின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. கோட்டின் சின்னக் கட்டம் ஒன்றின் அகலத்தைப் போல நான்கு மடங்கு ஓரம் எல்லாப் பக்கமும் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சில போன்கள் கோடு எங்கே தொடங்குகிறது என்று பிடிப்பதற்குத் திணறும். பிறகு என் போனில் இரண்டு நெட்வொர்க்குகளையும் மறக்கச் சொல்லிவிட்டு, புதுத் தாளை ஸ்கேன் செய்தேன். இணைந்தது. அடியில் கோட்டை அச்செடுத்த தேதியைப் பேனாவால் எழுதி ஒட்டினான் அக்கா மகன். பாஸ்வேர்டு மாறும் நாளில் எந்தத் தாள் பழையது என்று அக்காவுக்கே தெரிய வேண்டும் என்றான்.