பெயர் எழுத்து மாறிப் பணம் நின்றால் எக்ஸ்சேஞ்சில் ‘கேன்சல்’ போடாதீர்கள்

தேவகோட்டைப் பக்கம் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை வைத்தே சொல்கிறோம், ஏனென்றால் செட்டிநாட்டுப் பெயர்களில் இது அடிக்கடி நடக்கக்கூடியது. மகன் துபாயில் ஒரு எக்ஸ்சேஞ்சில் 3,000 திர்ஹாம் கட்டி, அம்மாவின் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பினார். கணக்கு எண் சரி, ஐஎஃப்எஸ்சி சரி. பாஸ்புக்கில் அம்மா பெயர் `RM VISALATCHI`. மகன் தன் பாஸ்போர்ட்டில் அம்மா பெயர் இருக்கிறபடி `VISALAKSHI RAMANATHAN` என்று கொடுத்தார். எக்ஸ்சேஞ்சு படிவத்தில் கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்பதால் `RM` விரிந்து ராமநாதன் ஆகிவிட்டது. மூன்றாம் நாள் கவுண்டரில் வந்த பதில்: “பேங்க் ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. கேன்சல் பண்ணிட்டுப் புதுசா அனுப்புங்க.”

ஏமாற்றம் இந்த இடத்தில்தான். வங்கி பணத்தைத் திருப்பி அனுப்பவே இல்லை. பெயர் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்திவைத்து, விளக்கம் கேட்டிருந்தது, அவ்வளவுதான். உள்நாட்டு நெஃப்ட்டில் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணம் ஏறிவிடும். அதனால் பலருக்கு, எண் சரியாக இருக்கும்போது பெயரில் என்ன என்று தோன்றும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எப்போதும் அப்படியில்லை. ஸ்விஃப்ட் வழியாக வந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பெயரையும் எண்ணையும் சேர்த்தே பார்ப்பார்கள். TCH, KSH வேறுபாட்டை மட்டும் சிலர் விட்டுவிடலாம். கூடவே முதலெழுத்து விரிந்து, இடமும் மாறிவிட்டால் வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்வார்கள். லெட்சுமணன், மெய்யம்மை, அழகம்மை எல்லாம் இதே வகைதான். AL, PL, RM என்று இரண்டு எழுத்தில் இனிஷியல் போடும் நம் ஊர் வழக்கம் வெளிநாட்டுப் படிவத்துக்குப் புரியாது.

கேன்சல் போட்டால் என்ன ஆகும்? கணக்குக்காக, அனுப்பிய நாளில் ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 69,000 ரூபாய் வாங்கியாகிவிட்டது. ரத்து செய்யும்போது அந்த ரூபாயை எக்ஸ்சேஞ்சு தன் வாங்கும் விலையில் திருப்பி எடுக்கும், அது 23.50 என்றால் கையில் வருவது சுமார் 2,936 திர்ஹாம். முதலில் கட்டிய கட்டணம் 20 திர்ஹாமும் போச்சு. மொத்தம் 84 திர்ஹாம், நம் காசில் 1,900 ரூபாய்க்கு மேல். மறுபடி அனுப்ப இன்னொரு கட்டணம். கவுண்டரில் இருப்பவருக்கு இது இரண்டு வியாபாரம். திருத்தம் போடுவது வெறும் வேலை. அதனால்தான் அதை அவர்களாகச் சொல்வதில்லை.

கேட்க வேண்டியது ‘அமென்ட்மென்ட்’, அதாவது திருத்தம். ரசீதையும், பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி மூன்றும் தெரியும் பாஸ்புக் முதல் பக்கப் படத்தையும் கொடுத்து, பயனாளி பெயரைப் பாஸ்புக்கில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து மாற்றச் சொல்லுங்கள். அதற்கும் சிறு கட்டணம் கேட்கலாம், ஆனால் நாணய மாற்று நஷ்டம் இல்லை. “ரிட்டர்ன் ஆகிவிட்டது” என்றே சாதித்தால் திரும்பிய காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கூடவே பரிவர்த்தனைக் குறிப்பு எண்ணையும். பணம் இந்தியாவுக்குள் நெஃப்ட் வழியாகக் கணக்குக்கு வருவது என்றால் அது எழுத்தும் எண்ணும் கலந்த 16 இடங்கள் கொண்ட யுடிஆர். அந்த எண்ணை ஊரில் உள்ள கிளையில் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடச் சொல்லலாம். கிளையில் தடயமே இல்லையென்றால் பணம் இன்னும் இடையிலுள்ள வங்கியைத் தாண்டாமல் இருக்கலாம்.

இந்த நேரத்தில் அம்மாவை அலைக்கழித்து வங்கிப் பெயரை மாற்ற ஓட வேண்டாம். அது ஆதார், பான் என்று நீளும், பான் பெயரோடு முட்டினால் இன்னொரு தலைவலி. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி பத்திரம் வாங்கித் தருகிறேன் என்பவரிடமும் காசு கொடுக்காதீர்கள். நிற்கும் பணத்தை அந்தப் பத்திரம் நகர்த்தும் என்று உறுதியில்லை. மாற வேண்டியது அனுப்பும் பக்கத்துப் பெயர்தான்.

கணக்குக்கு இல்லாமல் ரொக்கமாக எடுக்கும் முறையில் விதி தலைகீழ். அங்கே பாஸ்புக் அல்ல, கவுண்டரில் காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ள பெயரே வேண்டும்.

திருத்திய பிறகு செயலியில் பழைய பயனாளிப் பதிவை அழித்துவிடுங்கள். திருத்தம் அந்த ஒரு அனுப்புதலுக்கு மட்டும்தான். பழைய பதிவு அப்படியே கிடக்கும், அடுத்த மாதம் அவசரத்தில் அதையே தட்டினால் மறுபடி நிற்கும்.

எக்ஸ்சேஞ்சு எழுத்தில் பதில் தராமல் இழுத்தால் முதலில் அவர்களிடமே புகார் பதிந்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் அமீரகத்தில் ‘சனதக்’ என்ற குறைதீர்ப்பு அமைப்பு இருக்கிறது. தாமதம் ஊர் வங்கியால் என்றால் வங்கியில் புகார் கொடுத்து, 30 நாளுக்குப் பின் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மனிடம் போகலாம்.