டன் 200 ரூபாய் என்று எழுதிக் கொடுத்த கல் எனக்கு 300 ரூபாய்க்கு வந்து சேர்ந்த கதை

பெங்களூருவைச் சுற்றிக் கல் உடைக்கும் கிரஷரைக் குத்தகைக்கு எடுத்து நடத்த நினைக்கும் நம்மவர்கள் இதை முழுவதும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் ஹலசூரில் வசிப்பவன். கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் வாங்கி விற்றுக்கொண்டிருந்தவன், சொந்தமாக உடைத்து விற்றால் நாலு காசு மிஞ்சும் என்று நம்பி, சிக்கபள்ளாபூர் பக்கம் ஒரு சிறிய கிரஷரைக் குத்தகைக்கு எடுத்தேன். குவாரி என்னுடையது அல்ல. ஆறு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு குவாரியை நடத்துபவர், கல்லை வெடித்து, ஏற்றி, கிரஷருக்குள் கல் கொட்டும் தொட்டியான என் ஹாப்பர் வாசலில் கொண்டுவந்து கொட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவர் பெயரையோ குவாரியின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. அவர் என்னிடம் கொடுத்த விலைக்கணக்கு எப்படி இருந்தது, அதில் எங்கே ஓட்டை இருந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அந்தக் கணக்கு ஒரே பக்கத்தில் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. டன் ஒன்றுக்குத் துளையிட 12 ரூபாய், வெடிமருந்தும் வெடிப்பவர் கூலியும் 15, எந்திரத்தில் அள்ளி ஏற்ற 18, டிப்பர் வாடகை 50, கல்லுக்காக அரசுக்குக் கட்டும் ராயல்டியும் அதனோடு சேரும் கட்டணங்களும் 85, அவருடைய லாபம் 20, ஆக மொத்தம் 200 ரூபாய். பக்கத்துக் குவாரிக்காரர் ஒருவர் எடைமேடையில் நிறுத்துக் கொடுப்பதாகச் சொல்லி 240 கேட்டிருந்ததால், 40 ரூபாய் மிச்சம் என்று நான் மகிழ்ந்து, 6 லட்சம் முன்பணம் கொடுத்துக் கையெழுத்திட்டேன். இதில் லாபம் போக மீதி ஐந்து செலவு வரிகளுமே டன் கணக்கில் எழுதப்பட்டிருந்தாலும், உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு அளவில் செலவாகிறது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை. துளைக்கு மீட்டர் கணக்கில் கூலி கொடுக்கிறார்கள், வெடிமருந்தைக் கிலோவில் வாங்குகிறார்கள், டிப்பருக்கு நடை கணக்கில் வாடகை தருகிறார்கள், ராயல்டியை, கல்லைக் கொண்டுபோக அரசு தரும் பர்மிட்டில் உள்ள எடைக்குக் கட்டுகிறார்கள். இவற்றையெல்லாம் எத்தனை டன்னால் வகுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் மாதம் 280 நடை வந்தது. ஒப்பந்தத்தில் ‘நடை ஒன்றுக்கு 18 டன் எனக் கொள்ளப்படும்’ என்று ஒரு வரி இருந்ததால் 5,040 டன்னுக்குப் பில் போட்டு, 10,08,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். என் கிரஷரில் எடைமேடை இல்லை. ஆனால் விற்ற ஜல்லி, எம்-சாண்ட், தூள் எல்லாம் வெளி எடைமேடையில் நிறுத்துதான் போகும் என்பதால், மாதக் கடைசியில் அந்தச் சீட்டுகளையும் களத்தில் கிடந்த குவியலையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தேன். 4,100 டன்னைக்கூடத் தாண்டவில்லை. உடைக்கும்போது தூளாகப் பறந்தாலும் ஆயிரம் டன் பறக்காது. மறுநாள் நானே சாலையோரம் நின்று, வந்த டிப்பர்களை ஒவ்வொன்றாக எடைமேடைக்குத் திருப்பி, பாரத்தோடும் காலியாகவும் எடை போட்டேன். 15.1, 14.2, 14.9, 14.6 என்று வந்து, அன்றைய சராசரி 14.7 டன்னில் நின்றது. ஒரு டிப்பர்கூட 16 டன்னைத் தொடவில்லை.

இதில் டிப்பர் ஓட்டியவர்கள் மேல் பழி போட முடியாது. பெட்டி விளிம்பு வரை நிரம்பித்தான் வந்தது. குறை கல்லின் அளவில் இருந்தது. உடையாத பாறையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.65 டன் எடை இருக்கும். அதை நன்றாக வெடித்துச் சிறு சிறு கல்லாக ஏற்றினால் இடையில் காற்று புகுந்து, பெட்டியில் ஒரு கன மீட்டருக்கு 1.6 டன்னுக்குச் சற்று மேல் இருக்கும். அந்தப் பெட்டி 11 கன மீட்டர் என்பதால் 18 டன் என்பது நல்ல கல்லுக்குச் சரியான கணக்குதான். எனக்கு வந்ததோ ஆள் உயரக் குண்டுக்கல்லும் அதன் இடுக்கில் நாலைந்து துண்டும். டிப்பர் பின்பக்கம் திறந்து கொட்டும்போது கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மறுபக்கத்து வெளிச்சம் தெரிந்தது. அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தும் அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

விளக்கியவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குவாரிகளில் இருபது ஆண்டுகள் துளை போட்ட ஒரு பெரியவர். என் மனைவி வழியில் உறவு, நான் மாமா என்று அழைப்பவர். அவரை அழைத்துக்கொண்டு, வெடி வைக்காத ஒரு நாளில் குவாரிக்குப் போனேன். அடுத்த வெடிக்காகப் போட்டிருந்த துளைகளின் நடுவே டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, “மாப்பிள்ளை, இவன் பாறையை உடைக்கல, பேர்த்துக் கொடுக்கிறான்” என்றார்.

அவர் சொன்னதை எண்களில் எழுதுகிறேன். எனக்குக் கொடுத்த கணக்கு, பாறை முகத்திலிருந்து வரிசைக்கு 3 மீட்டர், துளைக்குத் துளை 3.5 மீட்டர், படிபடியாக வெட்டி இறங்கும் பாறையில் 6 மீட்டர் உயரப் படிக்கு 6.6 மீட்டர் ஆழத் துளை என்ற அமைப்பில் போடப்பட்டது. ஒரு துளைக்கு 63 கன மீட்டர், அதாவது 167 டன் பாறை சேரும். மீட்டருக்கு 300 ரூபாய் வீதம் துளைக்கு 1,980 ரூபாய். அதில் 28 கிலோ மருந்து, டெட்டனேட்டர், கூலி எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய். வகுத்தால் சரியாக 12 ரூபாயும் 15 ரூபாயும் வருகிறது. களத்திலோ வரிசைக்கு 4 மீட்டர், துளைக்கு 4.5 மீட்டர் என்று அகட்டிப் போட்டிருந்தார்கள். ஆழமும் 6 மீட்டரோடு நின்றிருந்தது. ஒரு துளையின் தலையில் 167 டன்னுக்குப் பதில் 286 டன் சுமத்தப்பட்டது. அதே 28 கிலோ மருந்து, கன மீட்டருக்கு 440 கிராம் என்பதிலிருந்து 260 கிராமாக இறங்கிவிட்டது. அந்த அளவு மருந்து எங்கள் பக்கத்துக் கெட்டிப் பாறையை இயற்கையாக உள்ள வெடிப்புகள் வழியே பெயர்த்துத் தள்ளுமே தவிர உடைக்காது. படி மட்டத்துக்குக் கீழே போக வேண்டிய அந்த 0.6 மீட்டர் துளை இல்லாததால் அடிப்பாறை முண்டு முண்டாக நின்றதையும் மாமா காலால் தட்டிக் காட்டினார். இப்படிச் செய்ததில் குவாரிக்காரருக்குத் துளையும் வெடியும் சேர்ந்து 27 ரூபாய்க்குப் பதில் 15 ரூபாயில் முடிந்தது. டன்னுக்கு 12 ரூபாய் அவருக்கு மிச்சம்.

அந்த 12 ரூபாய்க்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். இரண்டு தாடைகளுக்கு நடுவே கல்லை நசுக்கும் என் ஜா கிரஷரின் வாய் 30-க்கு 20 அங்குலம். குறுகிய பக்கத்தில் எண்பது சதவீதம், அதாவது 16 அங்குலத்துக்கு மேற்பட்ட கல் போனால் வாயில் பாலம் கட்டி நின்றுவிடும். எனவே வந்த குண்டுக்கல்லை உடைக்க மணிக்கு 1,500 ரூபாய் வாடகையில், கல்லைக் குத்தி உடைக்கும் எந்திரமான பிரேக்கர் வைத்தேன். நாளுக்கு 6 மணி நேரம், 25 நாள், மொத்தம் 2,25,000 ரூபாய். ‘பெரிய கல்லை உடைப்பது வாங்குபவர் பொறுப்பு’ என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருந்தது. எப்போதாவது ஒரு கல் வரும் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருந்தேன். இப்போது கூட்டிப் பாருங்கள்: கல்லுக்கு 10,08,000, பிரேக்கருக்கு 2,25,000, உண்மையில் வந்த கல் 280 நடைக்கு 14.7 வீதம் 4,116 டன். டன்னுக்கு 300 ரூபாய். நான் வேண்டாம் என்று தள்ளிய பக்கத்துக் குவாரியின் கல்லைவிட 60 ரூபாய் அதிகம். அடைப்பு எடுக்க எந்திரம் நின்ற நேரத்தை இதில் சேர்க்கவில்லை.

ராயல்டி வரியில் நடந்தது இன்னும் ஆபத்தானது. 5,040 டன்னுக்கு 85 வீதம் 4,28,400 ரூபாயை அந்தத் தலைப்பில் என்னிடம் வாங்கியிருந்தார். இரண்டாம் மாதம் சாலையில் ஒரு டிப்பரை நிறுத்திச் சோதித்தபோது, ஓட்டுநர் காட்டிய பர்மிட்டின் நேரம் காலையிலேயே முடிந்திருந்தது. ஒரே பர்மிட்டில் மூன்றாவது நடை ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைப் பிடித்து வைத்தார்கள், என் கிரஷர் இரண்டு நாள் நின்றது. அதன் பிறகு நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கிய முதல் மாதப் பர்மிட்டுகளை எல்லாம் கூட்டியபோது 1,900 டன்தான் இருந்தது. அதற்கு 1,61,500 ரூபாய் போக, மீதி 2,66,900 ரூபாய் அரசுக்குப் போனதாக எந்தத் தாளும் இல்லை. பர்மிட் இல்லாத கல்லைக் கொண்டுபோனால் 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி வண்டியைப் பறிமுதல் செய்யலாம், கல்லின் விலையையும் ராயல்டியையும் வசூலிக்கலாம். ராயல்டியை முழுதாகக் கொடுத்துவிட்டு, கணக்கில் வராத கல்லைக் களத்தில் குவித்து வைத்திருந்தவன் நான். அன்று அதிகாரிகள் என் களத்தை அளந்திருந்தால் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடுகிறது.

வெடிமருந்துக்கும் பில் கேட்டேன். அதுவும் வரவில்லை. 2021 பிப்ரவரியில் இதே மாவட்டத்து ஹிரேநாகவல்லியில் குவாரிக்காக வைத்திருந்த ஜெலட்டின் வெடித்து ஆறு பேர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. உரிமம் உள்ளவரிடம் வாங்கிய பில்லும், சான்று பெற்ற வெடிப்பவரின் பெயரும் காட்டாத இடத்தில் கல் வாங்கவே கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

மூன்றாம் மாதத் தொடக்கத்தில் ஒப்பந்தத்தை முறித்தேன். முன்பணத்தில் 2 லட்சம் திரும்பி வந்தது. மீதி 4 லட்சத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். நடை ஒன்றுக்கு 18 டன் என்று நானே கையெழுத்திட்டிருப்பதால் எடைக் குறைவுக்கான பணம் கிடைப்பது கடினம் என்றும், ராயல்டிப் பணத்தைக் கேட்க மட்டும் நல்ல ஆதாரம் இருக்கிறது என்றும் வக்கீல் சொல்கிறார்.

இப்போது அந்தப் பக்கத்துக் குவாரியிலிருந்தே எடுக்கிறேன், விலை அதே 240. ஒவ்வொரு நடையும் பாரத்தோடும் காலியாகவும் எடைமேடை ஏற வேண்டும், அந்தச் சீட்டின் எடையும் பர்மிட்டின் எடையும் ஒத்திருந்தால்தான் பணம், 16 அங்குலத்துக்கு மேற்பட்ட கல்லைத் தனியே ஒதுக்கி அவர் செலவிலேயே உடைத்துத் தர வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறேன். துளைகளின் இடைவெளியைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒன்றும் எழுதவில்லை. பெரிய கல்லை உடைக்கும் செலவு தன் தலையில் விழும் என்று தெரிந்தவர் துளையைத் தானாகவே நெருக்கிப் போடுவார் என்று மாமா சொன்னார். போன மாதம் டிப்பரின் சராசரி எடை 17.6 டன். பிரேக்கரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.