மருந்து பம்ப் மென்பொருளுக்கு வாட்டர்ஃபாலா, அஜைலா? இரண்டிலும் வேலை பார்த்த அனுபவம்

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய் வழியே மருந்தை அளவாக ஏற்றும் இன்ஃபியூஷன் பம்ப்புக்கு மென்பொருள் எழுதும் டீமில் சில வருஷமாக இருக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவைத்துப் படிப்படியாகப் போகும் வாட்டர்ஃபால், அப்புறம் சின்னச் சின்னச் சுற்றுகளாகச் செய்து காட்டித் திருத்தும் அஜைல்.

இந்த வேலையில் விதி அசையாது. உயர் முன்னுரிமை அலாரம் என்றால் சிவப்பு விளக்கு, விநாடிக்கு 1.4 முதல் 2.8 தடவை மின்ன வேண்டும் என்கிறது மருத்துவக் கருவி அலாரங்களுக்கான தரநிலை ஐஇசி 60601-1-8. அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் மருந்தின் வேகத்தை மாற்றும்போது "சரியா?" என்று கேட்கும் திரை எப்படி இருந்தால் நர்ஸ் நின்று படிப்பார்? அவரிடம் கொடுத்துப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

வாட்டர்ஃபாலில் அந்தத் திரை நர்ஸ்கள் கைக்குப் போனதே கடைசியில்தான். பழைய வேகம், புது வேகம் இரண்டையும் பார்க்காமலே ஓகே அழுத்தினார்கள். திருத்தம் சின்னதுதான், ஆனால் மாற்றக் கோரிக்கை, தேவை ஆவணம், ரிஸ்க் ஃபைல், டெஸ்ட் என்று எல்லாவற்றையும் திறந்து திரும்பக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால், "அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம்" என்று சொல்லும் பழக்கம் டீமுக்கே வந்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய நஷ்டமாகப் பட்டது.

விதி வாட்டர்ஃபாலைத்தான் கேட்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். மருத்துவ மென்பொருளுக்கான தரநிலை ஐஇசி 62304 எந்த முறையையும் கட்டாயமாக்கவில்லை. திட்டம் இருக்க வேண்டும், தேவையும் ஆபத்தும் டெஸ்டும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அஜைலில் இதை எப்படிச் செய்வது என்று மருத்துவக் கருவிகளுக்குத் தரநிலை வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏஏஎம்ஐ 2012-லேயே டிஐஆர்45 என்று ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது.

இப்போது அலாரம், மோட்டார் கட்டுப்பாடு, பகுதிகளைப் பிரிக்கும் கட்டமைப்பு ஆகியவற்றை முதலிலேயே முடிவுசெய்து பூட்டிவிடுகிறோம். திரைகள்தான் ஸ்பிரிண்ட் என்ற அஜைலின் குறுகிய சுற்றுகளில் ஓடுகின்றன. அந்த உறுதித் திரையில் இரண்டு வேகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, வித்தியாசம் அதிகமென்றால் எண்ணைத் திரும்ப அடிக்கச் சொன்னோம். புரோகிராம் ஓடினால் மட்டும் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை: தேவையின் எண், அது தடுக்கும் ஆபத்து, டெஸ்ட் முடிவு மூன்றும் தொடர்பு அட்டவணையில் ஏறியிருக்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போட்டு, "ரிலீஸுக்கு முன்னால் மொத்தமாக எழுதிக்கொள்ளலாம்" என்று விடும் டீம்கள் உண்டு. தேதிகளைப் பார்த்தாலே ஆடிட்டருக்குத் தெரிந்துவிடும்: டெஸ்ட் மார்ச்சில், அது சோதித்த தேவைக்கு ஒப்புதல் மே மாதத்தில்!

எல்லாவற்றையும் ஸ்பிரிண்டில் அடக்கவும் முடியாது. பம்ப்பின் பிளாஸ்டிக் உடலுக்கு மோல்டு வெட்டியாகிவிட்டால் திரையின் அளவை நினைத்தபடி மாற்ற வழியில்லை. இறுதிச் சரிபார்ப்பும் இனி மாற்றாமல் பூட்டிய மென்பொருள் பதிப்பில் முழுசாக ஒருமுறை நடந்தே ஆக வேண்டும், அந்தப் பகுதி இன்றும் அச்சு அசல் வாட்டர்ஃபால்தான்.

எந்த முறைக்குப் போகலாம் என்று யாராவது கேட்டால் முதலில் தர ஆய்வாளரைப் பற்றித்தான் விசாரிப்பேன். அவர் ஸ்பிரிண்ட் ரிவ்யூவில் உட்கார்ந்து அங்கேயே ஒப்புதல் தருவாரென்றால் இந்தக் கலப்பு முறைக்குப் போகலாம். மாசத்துக்கு ஒருமுறைதான் ஃபைல் பார்ப்பார் என்றால் வாட்டர்ஃபாலிலேயே இருங்கள்; திரையின் மாதிரியை மட்டும் ஆரம்பத்திலேயே நர்ஸ்களிடம் கொடுத்துப் பாருங்கள்.